எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது ஒன்று: ரெண்டு பட மீமில் சிரிப்பு எங்கே இருக்கிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வேலூர் காகிதப்பட்டறையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க கல்யாண பேனர், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. சாயந்தரம் ஆனால் கல்லூரிப் பிள்ளைகள் போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். "அண்ணா, இந்த மீம் ஏன் ஓடல, பாத்து சொல்லுங்க." அதிலும் பாதிக்கு மேல் இந்த எக்ஸ்பெக்டேஷன் – ரியாலிட்டி வகைதான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

"மேல ஒரு படம், கீழ ஒரு படம். மேல எக்ஸ்பெக்டேஷன், கீழ ரியாலிட்டி. அவ்ளோதானே, இதுல இன்னா கீது?"

அவ்வளவுதான். ஆனால் எது மேலே, எது கீழே என்பதில்தான் பாதி வேலை முடிகிறது. மேலே அடர்ந்த கூந்தல், கீழே முடி கொட்டின தலை என்று ஒரு மீம் இருக்கிறது என்று வையுங்கள். அதே ரெண்டு படத்தைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். மேலே முடி கொட்டின தலை, கீழே அடர்ந்த கூந்தல். இப்போது அது கூந்தல் தைலம் விளம்பரம். "முன்", "பின்" என்று போட்டு பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருப்பார்களே, அதேதான். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, சிலர் வாங்கவும் செய்கிறார்கள்.

ஆக, ஏறினால் விளம்பரம், இறங்கினால் மீம். ஏறியும் சிரிக்க வைக்கிற விதிவிலக்கு ஒன்று உண்டு, அது பின்னால் வருகிறது.

"சிரிப்பு கீழ இருக்கிற படத்துலதானே வருது? அப்போ மேல எதுக்கு?"

மேல் படத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டுப் பாருங்கள். கருகிப்போன ஒரு தோசை தெரியும். கருகிய தோசையில் சிரிக்க என்ன இருக்கிறது? விரலை எடுங்கள். மேலே ஓட்டலில் கொடுப்பது மாதிரி கூம்பு வடிவத்தில் பொன்னிறமாக ஒரு தோசை. இப்போது கீழே இருப்பது வெறும் கருகிய தோசை இல்லை, கூம்பாக வர வேண்டும் என்று ஒருத்தர் ஆசைப்பட்ட தோசை. நாம் சிரிப்பது அந்த ஆசையைப் பார்த்து.

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் 1790-இல் இதைச் சொல்லிவிட்டார். இழுத்துக் கட்டிய எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போகும்போது சிரிப்பு பிறக்கிறது என்பது அவர் கணக்கு. மேல் படத்தின் வேலை இழுத்துக் கட்டுவது, கீழ்ப் படத்தின் வேலை அறுத்து விடுவது. இழுக்காத கயிற்றை அறுத்தால் சத்தம் வராது.

என் கடையில் பிள்ளைகள் மீம் பார்க்கும்போது நான் படத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் கண்ணைத்தான் பார்ப்பேன். கண் மேலே போகும், கீழே வரும், உடனே ஒரு தடவை மறுபடி மேலே ஓடும். அந்த ரெண்டாவது ஓட்டத்தில்தான் உதடு விரியும். கண் திரும்பி மேலே போகவில்லை என்றால் மீம் தேறவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு சோதனை போதும்.

"இதெல்லாம் இங்கிலீஷ்காரன் கண்டுபிடிச்சதுதானே? நாம காப்பிதானே அடிக்கிறோம்?"

ரெண்டு கட்டம் போட்டு, தலைப்பு எழுதி, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வடிவம் இணையத்தில் வந்ததுதான். 2009-இல் வந்த ஒரு அமெரிக்கக் காதல் படத்தில் நாயகன் ஒரு விருந்துக்குப் போகும் காட்சியைத் திரையை ரெண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் அவன் எதிர்பார்த்தது, இன்னொரு பக்கம் நடந்தது என்று ஒரே நேரத்தில் ஓட்டிக் காட்டினார்கள். அந்த வடிவத்தைப் பேசும்போது பலரும் அதைத்தான் நினைவுபடுத்துகிறார்கள்.

ஆனால் உள்ளே இருக்கிற சூத்திரம் நம்ம ஊருக்குப் பழசு. "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைப் பற்றிச் சொல்வதைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு ரெண்டு பட மீம். கோட்டை என்றதும் மனசில் ராஜா வருகிறார், அவர் இல்லை. ஆறு என்றதும் தண்ணீர் வருகிறது, பாலாற்றில் மணல் இருக்கிறது. ஆறு என்ற சொல்லே மேல் படம், பாலாறு கீழ்ப் படம். ஒரு வித்தியாசம், நம்ம ஆட்கள் இடம் மாற்றிப் போட்டார்கள். "தண்ணி இல்லாத" என்ற அடியை முதலில் கொடுத்துவிட்டு, "ஆறு" என்று எதிர்பார்ப்பைப் பின்னால் வைத்தார்கள். தமிழ் இலக்கணம் அப்படித்தான் வைக்க விடும். அதனால்தான் கண் திரும்புவது போல காது திரும்ப வேண்டியிருக்கிறது. "தண்ணி இல்லாத... எது? ஆறா!"

அந்த வரியின் கடைசியில் ஊர்ப் பெண்களைப் பற்றியும் ஒரு துண்டை ஒட்டி வைத்திருப்பார்கள். அதை நான் சொல்வதில்லை. ஏன் என்பது கடைசிக்கு முந்தின பதிலில்.

"நான் போட்டதுக்கு ஒருத்தனும் சிரிக்கலண்ணா. ஐடியா நல்லாதான் இருந்துது. எங்க தப்பு?"

இதைக் கேட்டவன் சைதாப்பேட்டைப் பையன். நம்ம வேலூர் சைதாப்பேட்டை. மே மாதம், கத்திரி வெயில். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் படுப்பதைப் பற்றி மீம் செய்திருந்தான். ஐடியா நிஜமாகவே நல்ல ஐடியா. அதை மூன்று தடவை மாற்றினோம். அந்த மூன்றையும் வரிசையாகச் சொன்னால் இந்தக் கேள்விக்கு வேறு பதில் தேவைப்படாது.

அவன் கொண்டுவந்த முதல் வடிவம் இது. மேலே, இணையத்தில் எடுத்த ஒரு பனிமலை, கூடாரம், வானம் நிறைய நட்சத்திரம். கீழே, எரிகிற கொசுவர்த்திச் சுருள். கண் மேலே போனது, கீழே வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. கூடாரத்துக்கும் கொசுவர்த்திக்கும் நடுவில் பொதுவாக ஒன்றும் இல்லை. ஒப்பிட ஒன்று கிடைத்தால்தான் கண் திரும்பும். ரெண்டு படமும் எவ்வளவு வேறு என்று காட்டுவதில்தான் எல்லோரும் குறியாக இருக்கிறார்கள். எவ்வளவு ஒன்று என்று காட்டுவதுதான் கஷ்டமான வேலை. ஒரே பாய், ஒரே தலையணை, ஒரே ஆள், ஒரே கோணம் என்று எல்லாம் அப்படியே இருந்து ஒன்றே ஒன்று மட்டும் மாறினால்தான் அந்த ஒன்று கண்ணில் குத்தும்.

சரி, மாடிக்கே போய் எடுப்போம் என்று அவர்கள் வீட்டு மாடிக்குப் போனோம். போனைக் கைப்பிடிச் சுவரில் ரெண்டு செங்கலுக்கு நடுவே சொருகி வைத்தோம், அசையக் கூடாது. பாய் போட்ட இடத்தில் நாலு மூலைக்கும் சாக்பீஸால் கோடு. மாடிப்படி அறையின் டியூப்லைட் மட்டும் வெளிச்சம். மேல் படத்தில் பாட்டி, அம்மா, அப்பா, தங்கை, இவன், ஐந்து பேரும் வரிசையாகப் படுத்து வானத்தைப் பார்க்கிறார்கள். தலைமாட்டில் ஒரு சொம்பு. அருமையான படம். கீழ்ப் படத்தில்தான் பையன் ஆசையை அடக்கவில்லை. கொசு அடிக்கிற கை, குறட்டை விடுகிற அப்பா, எட்டிப் பார்க்கிற நாய், முகத்தைக் கோணிக்கொண்டு இவன், போதாததற்கு நாலு வரி எழுத்து. சிலர் சிரித்தார்கள், ஆனால் சிதறிச் சிரித்தார்கள். ஒருத்தர் நாயைப் பார்த்து, ஒருத்தர் அப்பாவைப் பார்த்து. எதிர்பார்ப்பு ஒரு இடத்தில் உடைய வேண்டும். நாலு இடத்தில் உடைந்தால் அது உடைசல் சாமான்.

எந்த ஒன்றை வைத்துக்கொள்வது? கொசு எல்லா ஊரிலும் கடிக்கும். வேலூர் மாடியின் சொந்தச் சொத்து தரைச் சூடு. பகலில் 40 டிகிரியைத் தாண்டிய வெயிலைக் காங்கிரீட் தளம் முழுசாகக் குடித்து வைத்துக்கொண்டு, இரவில் நிதானமாக வெளியே விடுகிறது. காற்று ஆறியிருக்கும், தரை ஆறியிருக்காது. சாயந்தரம் ரெண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று ஆவி வரும். அதற்குப் பிறகும் பாய்க்கு அடியில் தோசைக்கல்தான்.

மூன்றாவது வடிவத்தில் மேல் படத்தை மாற்றவில்லை. கீழே அதே பாய், அதே சொம்பு இருந்த இடம், அதே வெளிச்சம். பாயில் யாரும் இல்லை. படத்தின் ஓரத்தில் மாடிப்படிக் கதவு. அதற்குள் ஐந்து முதுகுகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றின் கக்கத்திலும் ஒரு தலையணை. கடைசியில் போகிற பாட்டி கையில் சொம்பு. யார் முகமும் தெரியாது. மேலே "இரவு 9.30" என்றும் கீழே "இரவு 10.15" என்றும் மட்டும் எழுதினோம். எங்கள் தெருவிலேயே அதை எனக்கு மூன்று பேர் அனுப்பினார்கள், நான்தான் செய்தேன் என்று தெரியாமல்.

"எக்ஸ்பெக்டேஷன், ரியாலிட்டின்னு எழுதலன்னா யாருக்காச்சும் புரியுமா?"

புரிந்ததே. மேலே சொன்ன மாடி மீமில் நேரம் மட்டும்தான் எழுதியிருந்தோம். அந்த ரெண்டு வார்த்தையும் இந்த வடிவத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு வழிகாட்டிப் பலகை. இன்றைக்கு ஒன்றின் கீழ் ஒன்றாக ரெண்டு படம் பார்த்ததுமே எல்லோரும் அடுத்தது சரியப்போகிறது என்று தயாராகிவிடுகிறார்கள். அதனால் அந்த இடத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். எங்கள் மீமில் முக்கால் மணி நேரம்தான் தாங்கினார்கள் என்ற கணக்கு எழுத்தில் வந்தது, படத்தில் வந்திருக்காது.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் "நெனச்சது", "நடந்தது" போதும். படத்தில் தெரிவதை எழுத்திலும் சொல்லாதீர்கள். காலி பாய்க்குக் கீழே "சூடு தாங்கல" என்று எழுதியிருந்தால் கண்டுபிடிக்கிற சுகம் பார்ப்பவருக்குப் போயிருக்கும்.

"மேல் படத்துக்கு நெட்ல இருக்கிற சூப்பர் போட்டோ ஒண்ணு எடுத்தா பத்தாதா?"

பத்தும், பத்தாது. அந்தப் படத்தை யாராவது நிஜமாக எதிர்பார்த்தார்களா என்று கேளுங்கள். மொட்டை மாடிக்குப் பாய் எடுத்துப் போகிற எந்த வேலூர்க்காரரும் பனிமலைக் கூடாரத்தை எதிர்பார்த்துப் போகவில்லை. கொஞ்சம் காற்று, அவ்வளவுதான் அவர் கேட்டது. கேட்டது சின்னதாக இருந்து, அதுவும் கிடைக்காமல் போவதில்தான் வேடிக்கை. மேல் படத்தைப் பெரிதாக்கினால் சரிவு பெரிதாகும் என்று நினைக்கிறார்கள். பொய்யான உயரத்திலிருந்து யாரும் விழ முடியாது.

வெளியிலிருந்து எடுத்த படம் பொருந்துகிற இடமும் உண்டு. யாராவது அந்தப் படத்தைக் காட்டித்தான் நம்மிடம் விற்றார்கள் என்றால் அதையே போடலாம், போடவும் வேண்டும். ஆன்லைனில் பட்டுப் பாவாடை படத்தைப் பார்த்து வாங்கி, வந்தது கொசுவலை என்றால், மேல் படம் அந்தக் கடைக்காரன் போட்ட படமேதான். அந்த எதிர்பார்ப்பை உருவாக்கியது அதுதான் என்பதால்.

"ரியாலிட்டி எவ்ளோ கேவலமா இருக்குதோ அவ்ளோ சிரிப்பு வருமா?"

ஒரு அளவு வரைக்கும். தரை சுட்டதால் கீழே இறங்கினார்கள் என்றால் சிரிப்பு. தரை சுட்டு பாட்டிக்குக் கால் வெந்துவிட்டது என்றால் ஆஸ்பத்திரி. இழந்தது கொஞ்ச நேரத் தூக்கமாக, கொஞ்சம் கெத்தாக, நூறு இருநூறு ரூபாயாக இருக்கிற வரைக்கும் சிரிக்கலாம்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஒருத்தர் ஒரே மணி நேரத்தில் மீம் செய்து எடுத்துவந்தார். மேலே வறண்ட மணல், "தண்ணி இல்லாத ஆறு". கீழே கரை புரளும் வெள்ளம். மாற்றம் ஒன்றே ஒன்று, இடம் ஒன்றே. வடிவமாகப் பார்த்தால் அதில் குறையே இல்லை. அந்த நவம்பரில்தான் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கீழ்ப் படத்தில் தண்ணீரைப் பார்க்கிறவர் கண்ணுக்கு வேறு ஒன்று தெரியும்போது அவர் எப்படி மேல் படத்துக்குத் திரும்புவார்? போட வேண்டாம் என்றேன். வெள்ளம் வடிந்து ஒரு கோடை போனபிறகு அதே படத்தை வேறு யாரோ போட்டார்கள், எல்லோரும் சிரித்தோம். படம் மாறவில்லை, நாள் மாறியிருந்தது.

"கீழ வடிவேலு மூஞ்சி போட்டா போதும், எதுவானாலும் ஓடும்னு சொல்றாங்களே?"

ஓடும். ஆனால் அங்கே ஓடுவது வடிவேலு, உங்கள் மீம் அதன் முதுகில் உட்கார்ந்து போகிறது. அவர் முகத்தில் கெத்து உடைகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அதுவே ரெண்டு படத்தையும் தன்னுள் வைத்திருக்கிறது. மிடுக்கின் மிச்சம் புருவத்தில் இருக்கும், அடி வாங்கின சேதி உதட்டில் இருக்கும். தமிழ் மீம் மொத்தமும் அவர் முகத்தை நம்பி நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எப்போது தேவை என்றால், நடந்ததைப் படமாக எடுக்க முடியாதபோது. சம்பளம் வந்த அன்றைக்கே தீர்ந்தது, நேர்காணலில் பேச்சே வரவில்லை என்பதையெல்லாம் எப்படிப் படம் பிடிப்பது? அப்போது நடந்ததற்குப் பதில் நடந்தவுடன் இருந்த முகத்தைக் காட்டுகிறோம். பாயும் தலையணையும் கையில் இருக்கும்போது அவரைக் கூப்பிட வேண்டியதில்லை. முகம் வந்துவிட்டால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். பாட்டி கையில் போகிற சொம்பை யார் பார்ப்பார்?

"நம்ம ஊர்ல செம்மயா ஓடுன மீம் சென்னை குரூப்புல ஏன் படுத்துடுச்சு?"

மாடி மீமுக்கே இது நடந்தது. சென்னையில் இருக்கிற உறவுக்காரர் ஒருத்தர் பார்த்துவிட்டு, "ஏன் எல்லாரும் ஓடுறாங்க, பேய் கீய் வந்துச்சா?" என்று கேட்டார். படத்தில் சூடு தெரியாதே. காலி பாயைப் பார்த்ததும் முதுகு சுடுவது வேலூர்க்காரருக்கு மட்டும்தான். "வேலூர் இல்ல, வெயிலூர்" என்று நாம் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டது அந்தப் படத்துக்குள் எழுதாத வரியாக இருக்கிறது. அவர்கள் ஊரிலும் வெயில் கொளுத்தும், ஆனால் சாயந்தரம் கடல்காற்று என்று ஒன்று வந்துபோகும்.

ஏலகிரி மீமும் இதே கதைதான். ஏலகிரி 2019-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பத்தூர் பக்கம் போய்விட்டது, அது வேறு வருத்தம். மேலே ஸ்வெட்டரும் குல்லாவுமாகப் பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறுகிற ஒருத்தர், கீழே அதே ஆள் அதே ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு இளநீர் குடிக்கிறார். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், ஏலகிரி அதில் பாதிதான் வரும். ஆகவே குளிரும் பாதிக்குக் கீழே. அங்கே போய்வந்தவருக்கு அந்த ஸ்வெட்டர் தெரியும். போகாதவர் கண்ணுக்கு இளநீர் குடிக்கிற ஒரு மனிதர் தெரிகிறார். வெளியூருக்கும் போக வேண்டும் என்றால் அந்த ஊர்க்காரருக்குத் தெரியாத ஒன்றைப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும். நாங்கள் பாய்க்குப் பக்கத்தில் ஒரு காலி பக்கெட்டும் ஈரத்திட்டும் வைத்து எடுத்துப் பார்த்தோம். சென்னைக்காரருக்குப் புரிந்தது. இங்கே சிரிப்பு ஒரு பிடி குறைந்தது. எனக்கு முந்தினதுதான் பிடிக்கும்.

"போன வருஷம் ஓடுனது இந்த வருஷம் ஏன் ஓடல? அதே மீம்தானே?"

ரெண்டு வழியில் சாகும். ஒன்று, கீழ்ப் படம் பொய்யாகிவிடும். "சாமி இல்லாத கோயில்" என்பது ஜலகண்டேஸ்வரர் கோயில். கோட்டைக்குள் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் இருந்தது. 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றோடு அந்தத் துண்டு முடிந்தது. இன்றைக்கும் சொல்கிறோம், ஆனால் பழமொழி மாதிரிச் சொல்கிறோம். பிரதோஷத்துக்குக் கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, மேல் படம் பொய்யாகிவிடும். இது நைசாக நடக்கும். ஆன்லைனில் வாங்கினால் வேறு ஏதோதான் வரும் என்று எல்லோருக்கும் பழகிப்போன பிறகு பட்டுப் பாவாடைப் படத்தைப் பார்த்து யார் ஏமாறுவார்? கயிறு இழுபடவே இல்லை. அதே மீம்தான், எதிர்பார்க்கிற ஆள் காணாமல் போய்விட்டார்.

"ரெண்டு படமும் ஒண்ணே போட்டு ஒருத்தன் லைக் அள்ளிட்டான். மாத்தமே இல்லாம எப்படிண்ணா சிரிப்பு வரும்?"

மேலே: "வேலூரில் மே மாதம், எதிர்பார்த்தது" என்று எரிகிற சூரியன். கீழே: "நடந்தது" என்று அதே சூரியன். நானும் சிரித்தேன். இங்கே மேல் படம் எதையும் இழுத்துக் கட்டவில்லை, இந்த வடிவமே இழுத்துக் கட்டிவிட்டது. ரெண்டு படம் பார்த்ததும் அடுத்தது சரியும் என்று நாம் பழகியிருக்கிறோம் அல்லவா? சரியவில்லை. ஏமாந்தது படத்தில் இருப்பவர் இல்லை, பார்த்த நாம்.

கீழ்ப் படம் மேல் படத்தைவிட நன்றாக இருப்பதும் இதே தந்திரம்தான். முதல் பதிலில் விதிவிலக்கு என்றேனே, அது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயைப் பார்த்து ஒரு வெளியூர் மருமகள், காம்பு முழுக்க முள்ளாக இருக்கிறதே என்று விரல் நுனியில் பிடித்துத் தூக்குகிறாள். கீழே அவளே குழம்புச் சட்டியைத் துணியால் இடுக்கிக்கொண்டு யாருக்கும் தராமல் உட்கார்ந்திருக்கிறாள். ஏறுமுகம்தான், ஆனாலும் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் நம்பினது கவிழ்ந்தது. தைல விளம்பரத்தில் எதுவும் கவிழ்வதில்லை. நன்றாக முளைக்கும் என்று தெரிந்துதானே பார்க்கிறோம். இந்த ரெண்டு தந்திரமும் பழைய வடிவம் எல்லோருக்கும் அத்துப்படியாக இருக்கிற வரைக்கும்தான் பலிக்கும். அடிக்கடி போட்டால் இதற்கும் பழகிவிடுவார்கள்.

"பிரெண்டோட கல்யாண மேக்கப் போட்டோவ கீழ போட்டேன், சண்டைக்கு வந்துட்டா. சும்மா காமெடிக்குதானே?"

சிரிப்பு பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியம் நாலைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மாடிக்குப் பாய் தூக்கிக்கொண்டு போனது நம் பேதைமை. அதை நாமே காட்டிச் சிரிக்கிறோம். உங்கள் தோழி எதை எதிர்பார்த்தாள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மேலே இருந்த நடிகையின் படம் நீங்கள் ஒட்டியது. எதிர்பார்ப்பும் உங்களுடையது, தீர்ப்பும் உங்களுடையது, முகம் மட்டும் அவளுடையது. அது எள்ளல். எள்ளலும் சிரிப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சண்டைக்கு வந்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஊர்ப் பெண்களைப் பற்றிய அந்தத் துண்டை நான் சொல்லாததும் இதனால்தான். கோட்டை என்றால் ராஜா வேண்டும், ஆறு என்றால் தண்ணீர் வேண்டும். அது கோட்டைக்கும் ஆற்றுக்கும் சொந்தமான எதிர்பார்ப்பு. பெண் என்றால் அழகு வேண்டும் என்று யார் மேல் படம் ஒட்டினது? போட்டோவைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். மாடி மீமில் முகம் தெரியாமல் எடுத்ததற்குக்கூட, பாட்டியிடம் காட்டி, அவர் "என் சொம்பு நல்லா தெரியுது" என்று சொன்ன பிறகுதான் வெளியே விட்டோம்.

"மூணாவதா ஒரு படம் சேத்தா?"

பெரும்பாலும் கெடுத்துவிடும். கண் மேலே திரும்பி ஓடுகிற நேரத்தில் மூன்றாவது படம் கையைப் பிடித்துக் கீழே இழுக்கும். விளக்கம் சொல்கிற மூன்றாவது படம், அழுகிற முகம் காட்டுகிற மூன்றாவது படம் எல்லாம் வெட்டிவிடலாம்.

ஒரே ஒரு தடவை சேர்த்தோம். சைதாப்பேட்டைப் பையன்தான் சொன்னான். மூன்றாவது கட்டத்தில் முதல் படத்தையே திரும்பப் போட்டான்: அதே பாய், அதே ஐந்து பேர், அதே சொம்பு. எழுத்து மட்டும் "மறுநாள் இரவு 9.30". அதைப் பார்த்து என் மனைவிதான் அதிகம் சிரித்தாள். அப்போது மணி ஒன்பதேகால், அவள் கையில் ரெண்டு தலையணை இருந்தது.